‘ஆட்கள் தேவை’ பதிவுக்கு எழுதியும் பதில் வரவில்லையா? அறிகுறியிலிருந்து காரணத்துக்கு ஒரு வழிகாட்டி

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனங்களுக்கு மெர்ச்சண்டைசர்களையும் தரக்கட்டுப்பாட்டு ஊழியர்களையும் தேர்வு செய்வது என் வேலை. லிங்க்டுஇன்னில் ‘வி ஆர் ஹயரிங்’ என்று ஒரு பதிவு போட்டால் அதன் கீழ் வரும் கமெண்டுகளையும் தனிச்செய்திகளையும் படிப்பது அதில் பெரும்பகுதி. அந்த வேலையைச் செய்யக்கூடியவர் என்று பிறகு தெரியவரும் பலர், முதல் செய்தியிலேயே கண்ணில் படாமல் போய்விடுகிறார்கள். எனக்கு அது உண்மையாகவே வருத்தம் தருகிறது, ஏனென்றால் கோளாறு பெரும்பாலும் நான்கைந்து வரிகளில் சரிசெய்யக்கூடியது.

எல்லாவற்றையும் ஒரே பதிவை வைத்துப் பார்ப்போம். ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் மெர்ச்சண்டைசிங் மேலாளர் இப்படி எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: மெர்ச்சண்டைசர் தேவை, பின்னலாடை, குழந்தைகள் உடை, 4 முதல் 6 ஆண்டு அனுபவம், ஐரோப்பிய பையர்கள், சாம்பிளிலிருந்து ஷிப்மெண்ட் வரை தனியாகப் பார்க்க வேண்டும், திருப்பூர், விரைவில் சேர்பவர்களுக்கு முன்னுரிமை, கமெண்டோ மெசேஜோ செய்யவும். விண்ணப்பிக்க நினைப்பவருக்கு 5 ஆண்டு அனுபவம். ஆனால் பெரும்பாலும் ஆண்கள் டி-ஷர்ட், போலோ. குழந்தைகள் பைஜாமாவில் ஒரே ஒரு சீசன். நோட்டீஸ் காலம் 30 நாள். பதிவு ஆங்கிலத்தில் இருந்தால் பதிலும் ஆங்கிலத்தில் இருப்பதே நல்லது. கீழே வரும் மாதிரிகளை, சொல்ல வேண்டியது என்ன என்பது தெளிவாகத் தெரியட்டும் என்று தமிழில் தருகிறேன்.

அறிகுறி: கமெண்ட் போட்டேன். ஒரு லைக் விழுந்தது, அவ்வளவுதான்

முதலில் உங்கள் கமெண்டை மற்றவர்களுடையதோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். ‘இன்ட்ரஸ்டெட்’, ‘இன்ட்ரஸ்டெட் சார்’, ‘ப்ளீஸ் செக் மை ப்ரொஃபைல்’, பதிவு பலரைச் சென்றடையட்டும் என்று நல்லெண்ணத்தில் நண்பர்கள் போடும் ‘CFBR’ ஆகியவை வரிசையாக இருக்கும். உங்களுடையது அவற்றில் ஒன்றாக இருந்தால் அதுதான் காரணம். பதிவு போட்டவர் ஒவ்வொரு பெயரையும் சொடுக்கி, ஒவ்வொருவரின் ப்ரொஃபைலையும் படித்து, பொருத்தமானவரைத் தேடி எடுப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம். எழுதியதைப் படித்தவுடன் ப்ரொஃபைலைத் திறக்கத் தோன்றும் சிலரை மட்டுமே அவர் திறப்பார். அந்த லைக், படித்தேன் என்பதற்கான மரியாதை மட்டுமே.

கமெண்டுகள் வழக்கமாக Most relevant என்ற வரிசையில்தான் தெரிகின்றன. நீளமான கமெண்ட் முதல் சில வரிகளோடு மடிந்துவிடும். எனவே வணக்கம், நன்றி, ‘இந்த அரிய வாய்ப்பைப் பகிர்ந்தமைக்கு’ என்று தொடங்கினால் உங்களைப் பற்றிய செய்தி மடிப்புக்குள் போய்விடும். முதல் வரியிலேயே வேலையின் பெயர், ஆண்டு, ஊர் மூன்றும் இருக்கட்டும்.

அடுத்ததுதான் முக்கியம். பதிவை மறுபடி படித்து, அந்த மேலாளருக்கு உங்கள் மேல் எந்த இடத்தில் சந்தேகம் வரும் என்று கண்டுபிடியுங்கள். நம் எடுத்துக்காட்டில் 5 ஆண்டு பொருந்துகிறது, ஊர் பொருந்துகிறது, ஐரோப்பிய பையர்களும் பொருந்துகிறார்கள். இடிப்பது ‘குழந்தைகள் உடை’ என்ற சொல் மட்டுமே. ஆண்கள் டி-ஷர்ட்டில் இல்லாத தலைவலிகள் குழந்தைகள் உடையில் உண்டு. ஸ்நாப் பட்டன் பிடுங்கிக்கொண்டு வந்தால் குழந்தை அதை விழுங்கிவிடும் என்பதால் இழுத்துப் பார்க்கும் சோதனை இருக்கிறது. கழுத்திலும் இடுப்பிலும் தொங்கும் கயிறுகளுக்கு EN 14682 என்ற ஐரோப்பியத் தரநிலை இருக்கிறது. உடையில் உடைந்த ஊசித்துண்டு எதுவும் தங்கிவிடக் கூடாது. இவற்றைத் தெரியாத ஒருவரை எடுத்தால் ஒரு ஷிப்மெண்ட் முழுவதும் திரும்பி வரலாம். மேலாளரின் பயம் அதுதான். கமெண்ட் அந்தப் பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்:

> மெர்ச்சண்டைசர், பின்னலாடை, 5 ஆண்டு, திருப்பூர். ஜெர்மன், பிரெஞ்சு பையர்களுக்கு ஃபிட் சாம்பிளிலிருந்து ஷிப்மெண்ட் வரை தனியாகக் கையாள்கிறேன். பெரும்பாலும் ஆண்கள் டி-ஷர்ட், போலோ. குழந்தைகள் பைஜாமாவில் ஒரு சீசன் செய்திருக்கிறேன், ஸ்நாப் பட்டன் இழுவைச் சோதனை, EN 14682 இரண்டும் அப்போது என் பொறுப்பு. 30 நாளில் சேரலாம். உங்களுடையது 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கா, அதற்கு மேலா? ரெஸ்யூமேயை மெசேஜில் அனுப்புகிறேன்.

இதில் குறையை மறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ‘பெரும்பாலும் ஆண்கள் டி-ஷர்ட்’ என்று தாமே சொல்லிவிட்டதால், அடுத்து வரும் பைஜாமா அனுபவத்தை மேலாளர் நம்புவார். கடைசியில் இருக்கும் கேள்வியும் அழகுக்காக வைத்ததில்லை. வயதைப் பொறுத்து பட்டன், கயிறு, அளவு எல்லாமே மாறும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவருக்குத்தான் தெரியும். அந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம் என்பதால் பதில் வரும் வாய்ப்பும் கூடுகிறது. சம்பளம் எவ்வளவு என்று கமெண்டில் கேட்பது வீண், பொதுவெளியில் அவரால் சொல்ல முடியாது. பதிவிலேயே ஊர் போட்டிருக்க, எந்த ஊர் என்று கேட்பது அதைவிட மோசம்: பதிவையே படிக்கவில்லை என்று அது சொல்லிவிடும்.

பையரின் பெயரைக் கமெண்டில் எழுதாதீர்கள். ‘ஜெர்மன் பையர்’ போதும். எந்த யூனிட் எந்த பிராண்டுக்குத் தைக்கிறது என்பதை இங்கே பல நிறுவனங்கள் வெளியில் பேசுவதில்லை. இன்றைய நிறுவனத்தின் செய்தியைப் பொதுவில் கொட்டுபவர் நாளை நம்முடையதையும் கொட்டுவார் என்று மேலாளர் நினைப்பது நியாயமே. கைபேசி எண்ணையும் அங்கே போட வேண்டாம். அதைத் திரட்டி ஏமாற்றுபவர்கள் இருக்கிறார்கள்.

ஏற்கெனவே ‘இன்ட்ரஸ்டெட்’ என்று போட்டுவிட்டீர்கள் என்றால் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டியதில்லை. அதையே திருத்தி எழுதலாம். Edited என்று ஓரத்தில் காட்டும், அதனால் எந்தக் குறையும் இல்லை.

அறிகுறி: மெசேஜ் அனுப்பினேன், பார்த்த அடையாளமே இல்லை

பார்த்த அடையாளம் இல்லை என்பதால் பார்க்கவில்லை என்று ஆகிவிடாது. செய்தியைப் படித்ததும் கீழே சின்னப் படம் தோன்றும் வசதியை நீங்கள் இருவருமே இயக்கி வைத்திருந்தால்தான் அது தெரியும். பலர் அதை அணைத்து வைத்திருக்கிறார்கள்.

அதைவிட அடிக்கடி நடப்பது வேறு. நீங்கள் அவருடைய தொடர்பில் இல்லை. அப்படியானால், சில விதிவிலக்குகள் தவிர, இலவசக் கணக்கிலிருந்து அவருக்கு நேரே செய்தி அனுப்ப முடியாது. தொடர்புக் கோரிக்கையோடு Add a note என்பதில் எழுதும் குறிப்புதான் உங்கள் வழி. அதற்கு இலவசக் கணக்கில் 200 எழுத்துகள்தான் இடம். மாதத்துக்கு இத்தனைதான் என்ற வரம்பும் உண்டு. பலர் குறிப்பே இல்லாமல் வெறும் கோரிக்கையை அனுப்பிவிட்டு, அவர் ஏற்றுக்கொண்டதும் எழுதலாம் என்று காத்திருக்கிறார்கள். ஆள் தேடும் நாளில் அவருக்கு வெறும் கோரிக்கைகள் குவியும், உங்களுடையது எந்தப் பதிவுக்கானது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

குறிப்பு இவ்வளவு இருந்தால் போதும்:

> குழந்தைகள் உடை மெர்ச்சண்டைசர் பதிவு பார்த்தேன். பின்னலாடை 5 ஆண்டு, திருப்பூர், 30 நாளில் சேரலாம். பதிவின் கீழும் எழுதியிருக்கிறேன்.

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். கமெண்டும் கோரிக்கையும் ஒரே ஆளுடையவை என்று அது இணைக்கிறது. அதனால்தான் கமெண்டை முதலில் போட்டு, அதே நாளில் கோரிக்கையை அனுப்பச் சொல்கிறேன். இரண்டாவது முறை உங்கள் பெயர் தெரியும்போது அது அவருக்குப் புதிய பெயராக இருக்காது.

குறிப்பு சரியில்லை என்று தோன்றினால் கோரிக்கையைத் திரும்பப் பெற்று மறுபடி அனுப்ப முயலாதீர்கள். திரும்பப் பெற்ற பிறகு அதே நபருக்கு மூன்று வாரம் வரை மீண்டும் அனுப்ப முடியாமல் போகும், அதற்குள் அந்த இடம் நிரம்பிவிடும். கோரிக்கை அப்படியே இருக்கட்டும். கமெண்டை மட்டும் மேம்படுத்துங்கள். பதிவில் மின்னஞ்சல் முகவரி இருந்தால் அந்த வழியே போங்கள். தலைப்பு வரியில் பணியின் பெயர், ஆண்டு, நோட்டீஸ் நாள் மூன்றும் இருக்க வேண்டும்.

அறிகுறி: பார்த்துவிட்டார், ஆனால் பதில் எழுதவில்லை

இங்கே மூன்று காரணங்களைச் சோதிக்க வேண்டும். உங்கள் செய்தி வெறும் ‘ஹாய் சார்’ என்பதோடு நிற்கிறதா? அவர் ‘சொல்லுங்கள்’ என்று எழுதினால் அதற்குப் பிறகு விவரம் சொல்லலாம் என்று பலர் காத்திருக்கிறார்கள். அவர் எழுத மாட்டார். விவரம் அனைத்தும் அதே முதல் செய்தியில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, ரெஸ்யூமேக்கு கூகுள் டிரைவ் இணைப்பு கொடுத்திருக்கிறீர்களா? அந்த இணைப்பை உங்கள் உலாவியின் இன்காக்னிடோ சாளரத்தில் திறந்து பாருங்கள். உள்நுழையச் சொல்லும் பக்கமோ அனுமதி கேட்கும் பக்கமோ வந்தால், கோப்பு Restricted என்ற நிலையில் இருக்கிறது. உங்கள் கணக்கில் நன்றாகத் திறப்பதால் உங்களுக்கு இது தெரியவே தெரியாது. அவர் அனுமதி கேட்டுக் காத்திருக்காமல் அடுத்த செய்திக்குப் போய்விடுவார். பகிர்வு அமைப்பில் Anyone with the link என்று மாற்றினால் தீரும். என்னைக் கேட்டால் இணைப்பே வேண்டாம். பிடிஎஃப் கோப்பை நேரடியாகச் செய்தியில் இணைத்துவிடுங்கள். கோப்பின் பெயரிலும் செய்தி இருக்கட்டும்:

```
Name_Merchandiser_Knits_5yrs.pdf
```

ஒரு வாரம் கழித்து அவர் தன் பதிவிறக்கங்களில் தேடும்போது Resume_final_new என்ற பெயருள்ள கோப்பு யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாது.

மூன்றாவது காரணம், நீளம். குடும்பப் பின்னணியில் தொடங்கி, கடின உழைப்பாளி என்று சொல்லி, ஐந்து பத்தி கடந்து வேலைக்கு வரும் செய்தியைக் கைபேசியில் யாரும் கடைசி வரை படிப்பதில்லை. கைபேசித் திரை ஒன்றில் அடங்கும் அளவு போதும். நம் எடுத்துக்காட்டுக்கு நான் இப்படி எழுதுவேன்:

> வணக்கம் சார். இன்று காலை நீங்கள் போட்ட குழந்தைகள் உடை மெர்ச்சண்டைசர் பதிவைப் பற்றி எழுதுகிறேன்.
>
> இப்போது ஒரு ஜெர்மன் பையரின் டி-ஷர்ட், போலோ ஆர்டர்களை நான் தனியாகப் பார்க்கிறேன். காஸ்டிங், லேப் டிப், பிபி சாம்பிள் அப்ரூவல், டைம் அண்ட் ஆக்‌ஷன் காலண்டர் எல்லாம் என் கையில். சென்ற ஆண்டு துணி தாமதமாக வந்த ஓர் ஆர்டரில், சாயம் முடிந்த நிறங்களை முதலில் வெட்டிப் பகுதி ஷிப்மெண்டுக்கு பையரிடம் ஒப்புதல் வாங்கி, விமானச் செலவு இல்லாமல் முடித்தேன்.
>
> முன்பே சொல்லிவிட வேண்டியது: குழந்தைகள் உடை ஒரு சீசன்தான் செய்திருக்கிறேன். நோட்டீஸ் 30 நாள்.
>
> ரெஸ்யூமே இணைத்திருக்கிறேன். மதியம் 1 முதல் 2 மணி, அல்லது இரவு 8 மணிக்கு மேல் அழைத்தால் பேச முடியும்.

இரண்டாவது பத்தியின் கடைசி வாக்கியம்தான் இந்தச் செய்தியின் உயிர். பின்னலாடை ஏற்றுமதியில் தாமதமான சரக்கை விமானத்தில் அனுப்ப நேர்ந்தால் ஆர்டரின் லாபமே போய்விடும். அதைத் தடுத்த ஒரு நிகழ்வு, ‘பிரச்சினைகளைத் தீர்க்கும் திறன்’ என்று எத்தனை முறை எழுதினாலும் கிடைக்காத நம்பிக்கையைத் தரும். உங்கள் தொழில் வேறாக இருந்தால் அங்கே மேலாளரின் பணம் எங்கே ஒழுகுகிறது என்று யோசித்து, அதை நீங்கள் அடைத்த ஒரு நிகழ்வை எழுதுங்கள். அது உண்மையில் நடந்ததாக இருக்க வேண்டும். நேர்காணலில் முதல் கேள்வியே அதைப் பற்றித்தான் வரும்.

சான்றுக்காக இப்போதைய பையரின் டெக் பேக்கையோ காஸ்டிங் ஷீட்டையோ இணைத்து அனுப்புபவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். திறமையைக் காட்டும் ஆர்வத்தில் செய்கிறார்கள், ஆனால் நிறுவனத்தின் ரகசியத்தை வெளியே அனுப்பிய ஆள் என்று அந்த நொடியே பதிவாகிவிடுகிறது.

அனுப்பிய பிறகு பிழை கண்ணில் பட்டால், 60 நிமிடத்துக்குள் செய்தியைத் திருத்த முடியும். அதன் பிறகு நான்கைந்து வேலை நாள் பொறுத்து, ஒரே ஒரு முறை நினைவூட்டலாம். ‘எனி அப்டேட்’ என்று மட்டும் கேட்டால் பதில் சொல்லும் பாரம் அவர் மேல் விழுகிறது. புதிதாக ஏதாவது ஒன்றைச் சேர்த்துக் கேளுங்கள்: ‘நோட்டீஸை 20 நாளாகக் குறைக்க அலுவலகத்தில் சம்மதித்திருக்கிறார்கள், இடம் இன்னும் காலியாக இருந்தால் சொல்லுங்கள்.’ அதற்கும் பதில் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள்.

அறிகுறி: ‘வெப்சைட்டில் அப்ளை செய்யுங்கள்’ என்று ஒரு வரி வந்தது

இதைப் பலர் மறுப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். பதிவு போட்டவர் யார் என்பதைப் பொறுத்து இதன் பொருள் மாறும். அவருடைய ப்ரொஃபைலைத் திறந்து பாருங்கள். மனிதவளத் துறையில் இருப்பவர் என்றால் அவருக்கு உங்கள் பெயர் அமைப்புக்குள் வந்தாக வேண்டும். எனவே விண்ணப்பித்துவிட்டு, விண்ணப்ப எண்ணோடு ‘செய்துவிட்டேன்’ என்று பதில் எழுதுங்கள். பலர் இந்த இரண்டாவது வேலையைச் செய்வதில்லை, செய்பவரின் பெயர் அவருக்கு நினைவில் நிற்கிறது.

அந்தப் பதிவைப் பகிர்ந்தவர் அங்கே வேலை செய்யும் சாதாரண ஊழியர் என்றால், விண்ணப்பிப்பதற்கு முன்பே, ‘நீங்கள் பரிந்துரைக்க முடியுமா, அல்லது நானே நேரடியாக விண்ணப்பிக்கட்டுமா?’ என்று கேட்டுவிடுங்கள். பல நிறுவனங்களில், நீங்களே விண்ணப்பித்த பிறகு ஊழியரின் பரிந்துரை கணக்கில் சேர்வதில்லை. அவருக்குக் கிடைக்கக்கூடிய ஊக்கத்தொகையும் போய்விடும், உங்களுக்காகப் பேசும் ஆர்வமும் அதோடு போகும்.

பதிவு போட்டது ஆள்சேர்ப்பு ஏஜென்சி என்றால், ரெஸ்யூமே அனுப்புவதற்கு முன் எந்த நிறுவனத்துக்கு என்று கேளுங்கள். ஒரே நிறுவனத்துக்கு இரண்டு ஏஜென்சிகள் உங்கள் பெயரை அனுப்பினால், யாருக்குக் கட்டணம் என்ற தகராறைத் தவிர்க்க அந்த நிறுவனம் உங்களையே ஒதுக்கிவிடக்கூடும்.

அறிகுறி: அந்த மேலாளருக்கு முன்பே என் மேலாளருக்குத் தெரிந்துவிட்டது

கமெண்ட் பொதுவானது. உங்கள் ப்ரொஃபைலின் Activity பகுதியில் அது தெரியும், உங்கள் தொடர்பில் இருப்பவர்களின் பக்கத்திலும் வரக்கூடும். திருப்பூர் போன்று எல்லோரும் எல்லோரையும் அறிந்த தொழில் வட்டத்தில் அது மாலைக்குள் உங்கள் அலுவலகத்துக்கு வந்துவிடும். வேலை தேடுவது இப்போதைய நிறுவனத்துக்குத் தெரியக் கூடாது என்றால் கமெண்டை முற்றிலும் விட்டுவிட்டு, 200 எழுத்துக் குறிப்போடு கோரிக்கையும் மின்னஞ்சலும் மட்டும் அனுப்புங்கள். அப்போது குறிப்பின் கடைசி வாக்கியத்தை ‘இது தனிப்பட்டதாக இருக்கட்டும்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். போட்ட கமெண்டை இப்போது அழித்தாலும் ஏற்கெனவே பார்த்தவர் பார்த்ததுதான், ஆனாலும் இனிப் பார்ப்பவர்களுக்காக அழித்துவிடுவது நல்லது.

அறிகுறி: ஐந்தே நிமிடத்தில் பதில், நேர்காணலே இல்லாமல் வேலை உறுதி

கமெண்டில் ஆர்வம் தெரிவித்தவர்களைத் தேடி வரும் போலிகள் உண்டு. பதிவு போட்டவரே எழுதுகிறாரா, அல்லது அதே நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறு ஒருவர் எழுதுகிறாரா என்று முதலில் பாருங்கள். பேச்சை வாட்ஸ்அப்புக்கு மாற்றச் சொல்வதை மட்டும் வைத்துச் சந்தேகப்பட வேண்டியதில்லை, இங்கே உண்மையான மனிதவள ஊழியர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், மடிக்கணினிக்கு முன்பணம் என்று எந்தப் பெயரிலாவது பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஆதார் நகலையும் வங்கி விவரத்தையும் வேலை உத்தரவு கைக்கு வரும் முன் கொடுக்காதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள், அல்லது cybercrime.gov.in தளத்தில் புகார் கொடுங்கள். கூடவே உரையாடலையும் பணம் அனுப்பிய விவரத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, மூலப் பதிவை எழுதிய மேலாளருக்கும் ஒரு வரி சொல்லிவிடுங்கள். அதே கமெண்டுகளிலிருந்து அடுத்தவரைத் தேடி அந்த ஆள் போயிருப்பான், மேலாளரால் பதிவின் கீழேயே எச்சரிக்கை போட முடியும்.